முப்பது டிகிரி முன்னால்

அண்ணாச்சி முதல் தடவை தேர்வில் தோற்றபோது எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல்தான் வந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதற்குப் பிறகு சொல்லப்போவதில் எனக்குப் பெருமை தருவது பெரிதாக ஒன்றும் இல்லை.

நான் திருவனந்தபுரத்தில் ஒரு சிறிய விமானப் பயிற்சிப் பள்ளியில் பயிற்றுநர். பிறந்து வளர்ந்தது கரமனையில். விமானம் ஓட்டக் கற்றது கனடாவில். அங்கே போய் வந்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. வாயைத் திறந்தால் "அங்கேயெல்லாம்" என்றுதான் ஆரம்பிப்போம். எனக்கு அது கொஞ்சம் முற்றின நிலையில் இருந்தது என்று எங்கள் பள்ளியில் எல்லோருக்கும் தெரியும், என்னைத் தவிர.

அண்ணாச்சி என் மாணவர். சாலை என்னும் பழைய கடைத்தெருவில் எவர்சில்வர் பாத்திரங்கள் மொத்த வியாபாரம். வயது நாற்பத்தேழு, என்னைவிடப் பதினெட்டு வயது மூத்தவர். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம் என்றாலும் இரண்டு தலைமுறையாகத் திருவனந்தபுரம். அவர் என்னை மேடம் என்பார், நான் அவரை அண்ணாச்சி என்பேன். யாருக்கு யார் மரியாதை கொடுக்கிறோம் என்று வெளியாள் பார்த்தால் குழம்பிப்போவார். கடைக்கு மேலே தினமும் தாழ்வாக இறங்கிப் போகும் விமானங்களைப் பார்த்துப் பார்த்து, ஒருநாள் தானும் ஒன்றை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று கிளம்பி வந்தவர். வேறு காரணம் ஒன்றும் இல்லை. தொழிலுக்காக இல்லை, பிள்ளைகளிடம் பீற்றிக்கொள்ள இல்லை. ஆசை, அவ்வளவுதான்.

தனியார் விமானி உரிமத்துக்கான பறத்தல் தேர்வில் மற்ற எல்லாவற்றிலும் தேறினார். ஏறினார், இறங்கினார், எஞ்சினை அணைத்ததுபோல் தேர்வாளர் பாவனை செய்தபோது பதறாமல் இறங்க ஒரு வயலைத் தேடினார். ஒன்றில் மாட்டிக்கொண்டார். தேர்வாளர் ஜைரோவை ஒரு காகித வட்டத்தால் மூடிவிட்டு, "திசைகாட்டியை மட்டும் பார்த்து வடக்குக்குத் திரும்பி நில்லுங்கள்" என்றார். ஜைரோ என்பது சுழலும் சக்கரத்தால் திசை காட்டும் கருவி. நாங்கள் வழக்கமாகப் பார்ப்பது அதைத்தான். அது பழுதானால் மிச்சம் இருப்பது கண்ணாடிக்கு மேலே தொங்கும் காந்தத் திசைகாட்டி, திரவத்தில் மிதக்கும் ஒரு சின்ன வட்டு. அண்ணாச்சி திரும்பினார், நின்றார். வட்டு ஆடி அடங்கியபோது முந்நூற்று முப்பத்தேழு காட்டியது. வடக்கு என்பது முந்நூற்று அறுபது. இருபத்து மூன்று டிகிரி தள்ளி நின்றிருந்தார். அந்தப் பிழையோடு ஒருமணி நேரம் பறந்தால் போக நினைத்த ஊர் கண்ணிலேயே படாது.

தேர்வாளர் வடக்கத்திக்காரர், அதிகம் பேசாதவர். தாளில் எண்ணை எழுதினார், அடியில் கோடு போட்டார், மூன்று வாரம் கழித்து வரச் சொன்னார்.

அன்று சாயங்காலம் அண்ணாச்சி வீட்டில் நடந்ததை அவரே மறுநாள் சொன்னார். "எங்க வீட்டுக்காரி சொல்லிட்டா மேடம். இன்னொரு தடவ போய்ட்டு வாங்க, அதுலயும் ஆகலன்னா கடையப் பாருங்கன்னுட்டா. நானும் சரின்னு வாக்குக் குடுத்துட்டேன் பாத்துக்கிடுங்க."

"வாக்கா? எதுக்கு அண்ணாச்சி வாக்கெல்லாம்?"

"பின்ன? ரெண்டு வருசமா ஞாயித்துக்கிழம ஒரு கல்யாணத்துக்குப் போனதில்ல. அவ சொல்லுததும் நாயந்தான."

அண்ணாச்சி வாக்குக் கொடுத்தால் மாற்றமாட்டார். சாலைக் கடைத்தெருவில் அவரைப் பற்றி அப்படித்தான் சொல்வார்கள். ஆக, மூன்று வாரம். அதற்குள் அவருக்கு வடக்கே திரும்பி நிற்கத் தெரியவேண்டும். இல்லாவிட்டால் அவர் ஆசையெல்லாம் பாத்திர அடுக்குகளுக்கு நடுவில் முடிந்தது.

நான் சூளுரைத்தேன். "அண்ணாச்சி, கவலைப்படாதீங்க. நான் சொல்லிக்குடுத்ததை அப்படியே செஞ்சா போதும்."

"அப்படியேதான் மேடம் செஞ்சேன்" என்றார் மெதுவாக. எனக்குக் காதில் விழுந்தது. ஆனால் அதை நான் ஒரு மாணவனின் சாக்காகத்தான் எடுத்துக்கொண்டேன்.

நான் சொல்லிக்கொடுத்தது என்ன என்பதை இங்கே சொல்லவேண்டும். திசைகாட்டி மூன்று விதமாகப் பொய் சொல்லும் என்று என் வகுப்பில் ஆரம்பிப்பேன். முதல் பொய் பூமியுடையது. வரைபடத்தின் வடக்கு வேறு, காந்த ஊசியின் வடக்கு வேறு. திருவனந்தபுரத்தில் ஊசி இரண்டு டிகிரி அளவுக்கு மேற்கே சாய்ந்து நிற்கும். ஆகவே வரைபடத்தில் கோடு போட்டு அளந்த கோணத்தோடு அந்த இரண்டைக் கூட்டவேண்டும். கிழக்கே சாயும் ஊர்களில் கழிக்கவேண்டும். கனடாவில் இது பல இடங்களில் பதினைந்து, இருபது என்று போகும். "அங்கேயெல்லாம்" என்று நான் ஆரம்பித்தால் பையன்கள் தலையைக் குனிந்து சிரிப்பார்கள்.

இரண்டாவது பொய் விமானத்துடையது. எஞ்சின் இரும்பு, ரேடியோ, மின்கம்பிகள் எல்லாம் சேர்ந்து ஊசியைக் கொஞ்சம் இழுக்கும். எந்தத் திசையில் எவ்வளவு இழுக்கும் என்று அளந்து, ஒரு சின்ன அட்டையில் எழுதித் திசைகாட்டிக்குக் கீழே ஒட்டியிருப்பார்கள். அந்த அட்டையைப் பார்த்து இன்னொரு திருத்தம்.

இந்த இரண்டையும் அண்ணாச்சி ஒரே நாளில் பிடித்துக்கொண்டார். "இது நம்ம தராசு கதைதான மேடம். ஊர்ல எல்லாத் தராசும் ஒரு பக்கம் தாழுதுன்னா அது ஒரு கணக்கு. நம்ம கடைத் தராசு மட்டும் கொஞ்சம் கூடக் காட்டுதுன்னா அது வேற கணக்கு. ரெண்டையும் போட்டாத்தான் சரியான எடை." என் பன்னிரண்டு பக்கக் குறிப்பை அவர் மூன்று வாக்கியத்தில் முடித்துவிட்டார். எனக்கு லேசாகப் பொறாமைகூட வந்தது.

மூன்றாவது பொய்தான் எங்களைக் கவிழ்த்தது. விமானம் சாய்ந்து திரும்பும்போது திசைகாட்டி பின்தங்கும், இல்லை முந்திக்கொண்டு ஓடும். வடக்கை நோக்கித் திரும்பும்போது பின்தங்கும். ஆகையால் வட்டில் வடக்கு வருவதற்கு முன்னாலேயே திருப்பத்தை நிறுத்தவேண்டும். தெற்கை நோக்கித் திரும்பும்போது முந்திக்கொள்ளும். ஆகையால் தெற்கு தாண்டிப் போன பிறகு நிறுத்தவேண்டும். கனடாவில் எங்களுக்குத் தோராயமாக முப்பது என்று சொல்லிக்கொடுத்தார்கள். வடக்குக்கு முப்பது முன்னால், தெற்குக்கு முப்பது பின்னால். அங்கே அது சுமாராகச் சரியாக வரும். நூறு தடவை செய்து பார்த்திருக்கிறேன். அதையே இங்கே கொண்டுவந்து பலகையில் பெரிய எழுத்தில் எழுதினேன்.

அண்ணாச்சி மேற்கிலிருந்து வடக்குக்குத் திரும்பும்போது முந்நூற்று முப்பதில் இறக்கைகளை நேராக்க ஆரம்பித்தார். நேராக்கும் அந்த நேரத்தில் விமானம் இன்னும் ஏழெட்டு டிகிரி திரும்பும். முந்நூற்று முப்பத்தேழு. தேர்வில் நின்றது அங்கேதான். "சாய்வு அதிகம் வெச்சிருப்பீங்க" என்றேன். "அவசரப்பட்டிருப்பீங்க" என்றேன். ஒருமுறை பயிற்சியில் அவர் முந்நூற்று ஐம்பது வரைக்கும் விட்டு நிறுத்தினார். வட்டு அடங்கியபோது வடக்கிலிருந்து ஒரு மூன்று டிகிரிகூட விலகவில்லை. அதற்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ரூலை மறந்துட்டீங்க அண்ணாச்சி. இது குருட்டாம்போக்குல வந்தது." இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது.

முதல் வாரத்தில் எனக்கு ஒரு பெரிய வெற்றி கிடைத்தது. விழிஞ்ஞம் துறைமுகத்தின் கிரேன்கள் இடப்பக்கம் தெரிய, கடலோரமாகப் பறந்துகொண்டிருந்தோம். நேராகத்தான் போகிறோம். அண்ணாச்சி முன்னால் குனிந்து கப்பலை எட்டிப் பார்த்தார். திசைகாட்டியின் வட்டு ஆறு டிகிரி நகர்ந்தது. அவர் சாய்ந்து உட்கார்ந்தார். வட்டு திரும்பி வந்தது.

"அண்ணாச்சி, மறுபடி குனியுங்க."

குனிந்தார். நகர்ந்தது.

"பையில என்ன வெச்சிருக்கீங்க?"

சட்டைப் பையிலிருந்து பேனா போன்ற ஒன்றை எடுத்தார். முனையில் காந்தம். "இதுவா? சரக்குப் பாக்கதுக்கு மேடம். நல்ல எவர்சில்வர்ல ஒட்டாது. ஒட்டிச்சுன்னா மட்டமான சரக்கு. இது இல்லாம நான் வீட்ட விட்டு எறங்குததில்ல."

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. இரண்டாவது பொய்! நான் வகுப்பில் சொன்ன அதே பொய், என் மாணவனின் சட்டைப் பைக்குள்ளேயே! எஞ்சினுக்கும் ரேடியோவுக்கும் அட்டை எழுதி வைத்திருக்கிறோம், அண்ணாச்சியின் சட்டைப் பைக்கு யார் அட்டை எழுதுவது? இறங்கும்வரை நான் ஒரு சொற்பொழிவே ஆற்றினேன். அவர் அடக்கமாகக் கேட்டுக்கொண்டார். தரைக்கு வந்ததும் காந்தத்தை அலுவலக மேசை இழுப்பறையில் பூட்டினேன். மர்மம் தீர்ந்தது என்று எல்லோரிடமும் சொன்னேன்.

மறுநாள் காந்தம் இல்லாமல் பறந்தோம். முந்நூற்று முப்பதில் நேராக்கினார். முந்நூற்று முப்பத்தேழில் நின்றது.

சரி, திசைகாட்டியே கெட்டுப்போய்விட்டது என்று முடிவு செய்தேன். எங்கள் பராமரிப்புப் பொறியாளரிடம் போய், திசைகாட்டியை மறுபடி அளந்து தரவேண்டும் என்றேன். அவர் நெய்யாற்றின்கரைக்காரர், அவருடைய தமிழும் என்னுடைய மலையாளமும் நடுவழியில் சந்தித்துக்கொள்ளும்.

"மேடம், அது கழிஞ்ச மாசம் நோக்கியதாணல்லோ."

"போன மாசம் பாத்தது தெரியும். மறுபடி நோக்கணும் சேட்டா. ப்ளீஸ்."

கொட்டகை, வேலிக்கம்பி, வண்டிகள் எதுவும் பக்கத்தில் இல்லாத ஒரு தளத்துக்கு விமானத்தைக் கொண்டுபோனோம். நல்ல வெயில். பொறியாளர் வாட்ச்சைக் கழற்றினார், சாவியைத் தள்ளிப் புல்லில் வைத்தார், பக்கிள் இரும்பு என்பதால் பெல்ட்டையும் கழற்றினார். பிறகு ஒரு கையால் பேண்ட்டைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் அளவுத் திசைகாட்டியோடு தூரத்தில் போய் நின்றார். உள்ளே எஞ்சினும் ரேடியோவும் ஓடிக்கொண்டிருக்க நான் உட்கார்ந்திருந்தேன். வடக்கு, வடகிழக்கு, கிழக்கு என்று எட்டுத் திசைக்கும் விமானத்தைத் திருப்பித் திருப்பி நிறுத்தி, அவர் காட்டுவதையும் என் திசைகாட்டி காட்டுவதையும் ஒப்பிட்டோம். எந்தத் திசையிலும் இரண்டு டிகிரிக்கு மேல் வித்தியாசம் இல்லை. அட்டையில் எழுதியிருந்தது அப்படியே சரி.

பொறியாளர் பெல்ட்டைக் கட்டிக்கொண்டே சொன்னார். "கோம்பஸ்ஸுக்கு ஒரு கொழப்பமும் இல்ல மேடம். அப்போ ஆளுக்குத்தன்னெ கொழப்பம்."

எந்த ஆளுக்கு என்று அவர் சொல்லவில்லை. நான் அண்ணாச்சியைத்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

இரண்டாவது வாரம் முடியும்போது என் பொறுமை போய்விட்டது. "கையை எடுங்க அண்ணாச்சி. நான் செஞ்சு காட்டறேன், பாருங்க" என்றேன். ஜைரோவை நானே மூடினேன். விமானத்தை மேற்கே நிறுத்தி, பதினைந்து டிகிரி சாய்வு வைத்து, பொம்மைபோல் அழகாக வலப்புறம் திருப்பினேன். வட்டு முந்நூற்று முப்பதைக் காட்டியது. இறக்கைகளை நேராக்கினேன். "இப்ப பாருங்க, மெதுவா வந்து வடக்குல நிக்கும்" என்றேன்.

நின்றது. முந்நூற்று முப்பத்தேழில்.

நான் கொஞ்ச நேரம் காத்திருந்தேன், வட்டுக்கு மனம் மாறுமா என்று. மாறவில்லை. அண்ணாச்சி மிகுந்த மரியாதையோடு தன் பக்கத்துக் கண்ணாடி வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். கடலில் பார்க்க அப்படி என்னதான் இருந்தது என்று எனக்குத் தெரியாது. அவர் என் முகத்தைப் பார்க்காமல் இருந்ததற்கு இன்றைக்கும் நன்றி சொல்வேன்.

"தெக்கயும் ஒரு தடவ பாத்துருவமா மேடம்?" என்றார் பிறகு.

அதே வலப்புறமாகத் தெற்குக்குத் திரும்பினேன். முப்பது டிகிரி தாண்டவிட்டு நிறுத்தினேன். தெற்கை விட்டு முப்பத்தைந்து டிகிரிக்கு மேல் மேற்கே போய் நின்றேன். குழந்தைகூட ஜன்னலைப் பார்த்து இது தெற்கு இல்லை என்று சொல்லும்.

விமானத்தைத் தளத்தை நோக்கித் திருப்பினேன். வடக்கே கடற்கரை நீண்டு கிடந்தது, தூரத்தில் தும்பா ராக்கெட் ஏவுதளம். அந்தப் பக்கம் எங்களுக்கு அனுமதி கிடையாது, பார்க்கத்தான் முடியும். அண்ணாச்சி பேச்சை மாற்றுவதற்காகவே சொன்னார் என்று நினைக்கிறேன்.

"எம் மவள ஸ்கூல்ல அங்க கூட்டிட்டுப் போயிருந்தாவ மேடம். ராக்கெட்டெல்லாம் காட்டுனாவளாம். பூமியோட காந்தக் கோடு அது வழியா போவுதாம்லா, அதுக்குத்தான் அந்த எடத்தப் புடிச்சாவளாம்."

நான் தும்பாவை மறுபடி திரும்பிப் பார்த்தேன்.

அந்தக் கதை எனக்கும் தெரியும். திருவனந்தபுரத்தில் பள்ளிக்கூடம் போன யாருக்குத்தான் தெரியாது? நாலாம் வகுப்பில் பஸ்ஸில் அழைத்துப்போனார்கள், புளிசாதம் கட்டிக்கொடுத்தார்கள், காந்த நிலநடுக்கோடு பக்கத்தில் போகிறது என்று ஒரு சார் சொன்னார், நான் தேர்வில் அதை எழுதி மதிப்பெண்ணும் வாங்கினேன். பிறகு உலகம் சுற்றி, விமானம் ஓட்டக் கற்று, திரும்பி வந்து, அதே ஊரில் காந்த ஊசியைப் பற்றிப் பாடம் நடத்துகிறேன். இரண்டையும் சேர்த்து ஒரு தடவைகூட யோசித்ததில்லை.

கனடாவில் காந்த ஊசி தரைக்குள் குத்திக்கொண்டு இறங்கப் பார்க்கும். பூமியின் காந்த இழுப்பு அங்கே அவ்வளவு செங்குத்து. வட்டைச் சமமாகத் தொங்கவிட்டு அதை அடக்கிவைத்திருக்கிறார்கள். ஆனால் விமானம் சாயும்போது வட்டும் கூடவே சாயும். அந்தக் கீழ்நோக்கிய இழுப்புக்கு அப்போது வழி கிடைத்துவிடும். வட்டைப் பக்கவாட்டில் திருப்பிவிடும். அதுதான் மூன்றாவது பொய். முப்பது டிகிரி கழித்தல் கூட்டல் எல்லாம் அந்தக் கீழ்நோக்கிய இழுப்புக்கான மருந்து. காந்த நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் ஊசி தரைக்குச் சமமாகக் கிடக்கும். கீழே இழுப்பதற்கு ஒன்றும் இல்லை. இல்லாத வியாதிக்கு நான் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தேன், அதுவும் ஒரு ஆரோக்கியமான மனிதனுக்கு, மூன்று வேளையும்.

வீட்டுக்குப் போய் வரைபடங்களை விரித்து உட்கார்ந்தேன். ஊசி எங்கே எவ்வளவு இறங்கும் என்று காட்டும் கோடுகள். சுழியக் கோடு, அதாவது ஊசி இறங்கவே இறங்காத கோடு, எங்கள் தலைக்கு மேலேயே போவதுபோல் நாட்டின் தென் கோடியை ஒட்டிப் போனது. அம்மா காபியோடு வந்தாள்.

"என்னடி, பேயறைஞ்சாப்ல உக்காந்துண்டிருக்கே?"

"அம்மா, நம்ம ஊர்ல காம்பஸ் பொய்யே சொல்லாது. திரும்பறப்போ."

"ஆமா. அதுக்கென்ன இப்போ?"

"நான் சொல்லும்னு சொல்லிக்குடுத்துட்டேன்."

அம்மா யோசித்தாள். "அப்போ யாரு பொய் சொன்னா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள். எங்கள் வீட்டில் இப்படித்தான் பேசுவார்கள்.

மறுநாள் காலை அண்ணாச்சியிடம் போய், "நான் தப்பாச் சொல்லிக்குடுத்துட்டேன்" என்று சொல்லியிருக்க வேண்டும். மூன்றே வார்த்தை. நான் என்ன செய்தேன்? பலகையில் ஒரு படம் போட்டேன். "அண்ணாச்சி, இன்னிக்கு ஒரு அட்வான்ஸ்டு விஷயம். உள்ளூர்த் திருத்தம்னு வெச்சுக்கோங்க. முப்பதுங்கறது பொதுவான ரூல். நம்ம ஊருக்கு அது கிட்டத்தட்ட பூஜ்யம். சாய்வுல பாதி மட்டும், ஏழெட்டு டிகிரி முன்னால நேராக்க ஆரம்பிச்சா போதும். வடக்கோ தெற்கோ, எல்லாம் ஒண்ணுதான்."

அண்ணாச்சி படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அட்வான்ஸ்டு விசயமா மேடம்?"

"ஆமா."

"சரி மேடம்" என்றார். உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு வந்து, மரியாதையாகத் திரும்பிப் போனதைப் பார்த்தேன்.

அவர் கேள்வி கேட்காமல் விடவில்லை. "அப்ப வடக்க டெல்லிப் பக்கம் போனா?"

"போகப் போக ஊசி கீழே இறங்கும். அங்கே முன்கூட்டி நிறுத்தணும். எவ்வளவுன்னு அந்த ஊரைப் பொறுத்தது."

"அங்க கெழக்க மேக்க போவும்போது வேகத்தக் கூட்டுனா ஊசி வடக்க ஓடுதுன்னு சொன்னீங்களே, அது?"

"அதுவும் அதே வியாதிதான். இங்கே இருக்காது. வட்டு திரவத்துல கொஞ்சம் அலையும், அது அடங்கற வரைக்கும் பொறுத்துப் பாத்தா போதும்."

அந்த வாரம் பன்னிரண்டு முறை திரும்பினார். எதிலும் நான்கு டிகிரிக்கு மேல் தப்பவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து, "பார்த்தீங்களா, பார்த்தீங்களா" என்று சொல்லிக்கொண்டிருந்தேன், ஏதோ பூமியின் காந்தத்தை நானே வந்து மாற்றிவைத்ததுபோல.

தேர்வு நாள் வந்தது. அதே தேர்வாளர். அண்ணாச்சி வெள்ளைச் சட்டை போட்டு, நெற்றியில் மெலிதாகத் திருநீறு வைத்து வந்திருந்தார். சட்டைப் பை காலி என்று என்னிடம் தட்டிக் காட்டினார். இரண்டு பேரும் விமானத்தை நோக்கி நடந்தார்கள். நான் கேன்டீனில் உட்கார்ந்தேன். மாணவன் தேர்வுக்குப் போயிருக்கும்போது பயிற்றுநருக்குச் செய்ய வேறு ஒன்றும் கிடையாது. டீ வாங்கினேன், ஆறவிட்டேன், இன்னொன்று வாங்கினேன். மனதில் ஓடியதெல்லாம் ஒன்றுதான். முதல் தேர்வுக்கு முன்னால் நான் மட்டும் கொஞ்சம் யோசித்திருந்தால் இந்த மனிதர் மூன்று வாரத்துக்கு முன்பே விமானி. வீட்டில் வாக்குக் கொடுத்துத் தலைகுனிந்து நின்றிருக்க வேண்டாம். இன்றைக்கு வேறு எதிலாவது தவறினால், என் பிழைக்கு அவர் ஆசையைப் பறிகொடுப்பார்.

ஒன்றரை மணி நேரம் கழித்து விமானம் இறங்கியது. தேர்வாளர் தாளோடு அலுவலக அறைக்குள் போனார். அண்ணாச்சி கேன்டீனை நோக்கி வந்தார். அவர் நடையிலிருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. லாபம் வந்தாலும் நஷ்டம் வந்தாலும் சாலை வியாபாரிகள் எல்லோரும் அப்படித்தான் நடப்பார்கள். எதிரில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, வாயைத் துடைத்தார்.

"ஆயிட்டு மேடம்."

நான் மேசையை இரண்டு கையாலும் தட்டினேன். டீ சிந்தியது. பக்கத்து மேசையில் இருந்த பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கண் கலங்கியது, அதை மறைக்கவும் இல்லை.

"வடக்கு?"

"ரெண்டு டிகிரி தள்ளி. தெக்கு சரியா நின்னுச்சு."

"ஒண்ணும் கேக்கலியா?"

"கேட்டாரே. டெல்லியில இப்படிச் செய்வியான்னாரு. மாட்டேன் சார், அங்க ஊசி கீழ இழுக்கும், வடக்குக்கு முன்னாலயே நிறுத்திருவேன்னேன். தலையாட்டுனாரு. போன தடவ இங்கயே அப்படி நிறுத்துனியே, இப்ப யாரு சரிபண்ணுனாங்கன்னு கேட்டாரு. எங்க மேடம்தான்னேன்."

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஒரு நொடி. பிறகு ஒரு சந்தேகம் வந்தது.

"போன தடவை அப்படிச் சொல்லிக்குடுத்தது யாருன்னு கேக்கலியா?"

அண்ணாச்சி தண்ணீர்த் தம்ளரைத் தள்ளித் தள்ளி மேசையில் சரியாக வைத்தார்.

"கேட்டாரு."

"என்ன சொன்னீங்க?"

"நான் சரியாக் கவனிக்கலன்னு சொன்னேன்." என் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சேர்த்துக்கொண்டார். "விடுங்க மேடம், அதுல என்ன இருக்கு? பாஸாயிட்டம்லா. அன்னைக்கே எனக்கு ஒரு மாதிரிதான் இருந்துச்சு. முன்னூத்தி முப்பதுல கடல் இருந்த எடத்தப் பாத்தா வடக்கு மாதிரித் தெரியல. ஆனா நீங்க சொன்னத நான் செய்யலன்னா, அப்புறம் ஒங்ககிட்ட படிச்சேன்னு எப்படிச் சொல்லுதது?"

எனக்கு வெட்கமாக இருந்தது; அழுகையும் வந்தது; அவர் மேல் கோபம்கூட வந்தது, இவ்வளவு நல்லவராக இருக்க இவருக்கு யார் அனுமதி கொடுத்தார்கள் என்று. "மன்னிச்சிருங்க அண்ணாச்சி. அட்வான்ஸ்டு விஷயம் ஒண்ணும் இல்ல அது. எனக்குத் தெரியல, அவ்வளவுதான்" என்றேன்.

"அது தெரியும் மேடம்" என்றார் அண்ணாச்சி. இந்தத் தடவை சிரிப்பை அவர் திருப்பி அனுப்பவில்லை. "டீய குடிங்க."

நான் டீயைக் குடிக்கவில்லை. எழுந்து அலுவலக அறைக்குப் போனேன். அண்ணாச்சி பின்னாலிருந்து "மேடம், மேடம்" என்று கூப்பிட்டது கேட்டது. தேர்வாளர் மேசையில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இந்தி அரைகுறை, நாங்கள் பேசுவது ஆங்கிலத்தில்தான். அந்த ஆங்கிலத்திலேயே, நின்றபடியே சொன்னேன்: "சார், போன தடவை அவர் சரியாத்தான் கவனிச்சார்."